மூன்று சொட்டு நீரும் ஒன்பது சதவீதப் பிழையும்

கல்லூரி முதலாண்டு இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் வெப்பச் சோதனைகள் வரும் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். கணக்கு முடிந்து விடை எழுதிய இடத்துக்குக் கீழே, 'பிழைக்கான காரணங்கள்' என்ற தலைப்பில் அநேகமாக ஒரே வாக்கியம் இருக்கும்: "சுற்றுப்புறத்துக்கு வெப்பம் இழக்கப்பட்டதால் விடையில் பிழை ஏற்பட்டுள்ளது." விடை குறைவாக வந்தவரும் இதைத்தான் எழுதுகிறார், கூடுதலாக வந்தவரும் இதைத்தான் எழுதுகிறார். ஒரு சதவீதம் தவறியவருக்கும் முப்பது சதவீதம் தவறியவருக்கும் அதே வாக்கியம் போதுமானதாக இருக்கிறது.

வாக்கியத்தில் பொய் இல்லை. சூடான எந்தப் பொருளும் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கும் மேசைக்கும் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். அதை முழுவதுமாகத் தடுக்கும் பாத்திரம் கிடையாது. ஆனால் இப்படி எழுதியவர் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடுகிறார். வெப்பம் எந்த இடத்தில் போனது? அது விடையை எந்தப் பக்கம் தள்ளும்? எவ்வளவு தள்ளும்? மூன்றுக்கும் பதில் தேட முடியும். தேடினால், பல சமயம் பிழைக்குக் காரணம் நாம் பழி போட்ட இடத்தில் இருப்பதே இல்லை. ஒரு சோதனையை எடுத்து, எண்களோடு கடைசிவரை போய்ப் பார்க்கலாம்.

கலவை முறை என்று பெயர் பெற்ற பழைய சோதனை அது. ஓர் உலோகத்தின் தன் வெப்ப ஏற்புத்திறனை, அதாவது அந்த உலோகத்தில் ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதைக் கண்டுபிடிப்பதற்கானது. நூலில் கட்டிய செம்புக் கட்டியைக் கொதிநீரில் தொங்கவிட்டுச் சூடாக்குகிறோம். பிறகு அதைத் தூக்கி, கலோரிமீட்டர் என்னும் செம்புக் குவளையில் இருக்கும் சாதாரண நீரில் போடுகிறோம். குவளை பஞ்சு அடைத்த மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு மூடி, அதன் துளைகள் வழியே ஒரு வெப்பநிலைமானியும் கலக்கியும். கலக்கிக்கொண்டே நீரின் வெப்பநிலை எதுவரை ஏறுகிறது என்று குறித்துக்கொள்கிறோம். செம்பு இழந்த வெப்பமும், நீரும் குவளையும் பெற்ற வெப்பமும் சமம் என்று வைத்துக்கொண்டால், தெரியாத ஒரே எண்ணான செம்பின் ஏற்புத்திறன் கிடைத்துவிடும். எல்லாச் சிக்கலும் 'சமம் என்று வைத்துக்கொண்டால்' என்பதில்தான் இருக்கிறது.

எண்களைப் போடுவோம். செம்புக் கட்டி 200 கிராம். குவளையும் கலக்கியும் சேர்ந்து 60 கிராம் செம்பு. நீர் 100 கிராம். அறையும் நீரும் 29 டிகிரி செல்சியஸ். கொதிநீரில் இருந்த கட்டியின் வெப்பநிலை 99 டிகிரி. செம்பின் தன் வெப்ப ஏற்புத்திறன் கிராமுக்கு 0.385 ஜூல் என்பது நன்கு தெரிந்த மதிப்பு, நீருக்கு 4.18. நீரையும் குவளையையும் சேர்த்து ஒரு டிகிரி ஏற்ற 441 ஜூல் தேவை. வெப்பம் துளியும் வெளியே போகாவிட்டால் கலவை எந்த வெப்பநிலையில் நிற்கும் என்று கணக்கிட்டால் 39.4 டிகிரி வருகிறது. அதாவது 10.4 டிகிரி ஏற்றம்.

இந்தச் சோதனையை இரண்டு மாணவர்கள் செய்ததாக வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு நீர் 38.6 டிகிரி வரை ஏறியது. கணக்குப் போட்டால் செம்பின் ஏற்புத்திறன் 0.35 என்று வருகிறது. உண்மை மதிப்பைவிட ஒன்பது சதவீதம் குறைவு. இரண்டாமவருக்கு 39.9 டிகிரி. விடை 0.407; ஏறத்தாழ ஆறு சதவீதம் கூடுதல். இருவரும் தங்கள் நோட்டில் 'வெப்பம் இழக்கப்பட்டதால்' என்று எழுதியிருக்கிறார்கள்.

முதலில் இரண்டாமவரைப் பார்ப்போம், ஏனென்றால் அவருடைய வழக்கு உடனே தீர்ந்துவிடும். வெப்பம் வெளியே போனால் நீர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் சூடாகும். நீரின் ஏற்றம் குறைந்தால், செம்பு கொடுத்த வெப்பமும் குறைவு என்றே கணக்குச் சொல்லும். போதாததற்கு, இறுதி வெப்பநிலை தாழ்ந்துபோவதால் செம்பு அதிக டிகிரி இறங்கியதாகவும் தோன்றும். இரண்டும் விடையைக் கீழ்நோக்கியே இழுக்கும். ஆகவே அறை வெப்பநிலையில் தொடங்கிய கலவை முறையில் வெப்ப இழப்பு என்பது ஏற்புத்திறனைக் குறைத்துக் காட்ட மட்டுமே முடியும். கூட்டிக் காட்ட முடியாது. இரண்டாமவரின் விடை உண்மையைவிடக் கூடுதல். அவர் எழுதிய காரணம் அவருடைய விடைக்கே எதிரான திசையில் வேலை செய்கிறது. இழப்பும் கொஞ்சம் நடந்திருக்கும்தான். ஆனால் அதையும் மீறி விடையை மேலே தூக்கிய வேறொன்று இருக்கிறது.

அது என்ன? நீருக்குக் கணக்கில் வராத வெப்பம் வந்திருக்கிறது. 39.9 டிகிரி வரை ஏற 4,808 ஜூல் தேவை. 200 கிராம் செம்பு 99-இலிருந்து 39.9 வரை இறங்கினால் கொடுக்கக்கூடியது 4,551 ஜூல்தான். மீதி 257 ஜூல் எங்கிருந்தோ வந்தது. கட்டி கொதிநீரிலிருந்து நேரே வந்தது என்பதை நினைத்தால் பதில் கிடைக்கும்: அதோடு ஒட்டிக்கொண்டு கொதிநீரும் வந்திருக்கிறது. 99 டிகிரி நீர் ஒரு கிராம், 39.9 டிகிரிக்கு இறங்கும்போது 247 ஜூல் கொடுக்கும். ஆக ஒரு கிராமுக்குச் சற்று மேல் போதும். கட்டியின் மேல் படர்ந்த நீர், நூல் உறிஞ்சிய நீர், முடிச்சில் தேங்கிய நீர் எல்லாம் சேர்ந்தால் ஒரு கிராம் பெரிய அளவே அல்ல. ஒரே கட்டிக்குப் பதில் சின்னக் குண்டுகளாகவோ நறுக்குகளாகவோ உலோகத்தைப் பயன்படுத்தினால் இடுக்குகளில் இன்னும் அதிகம் சேரும்.

இது ஊகமாகவே நின்றுவிட வேண்டியதில்லை. சோதனை முடிந்த பிறகு குவளையை உள்ளடக்கத்தோடு எடையிட்டால் தெரிந்துவிடும். குவளை, நீர், கட்டி மூன்றின் எடையும் ஏற்கெனவே தெரியும். கூட்டுத்தொகைக்கு மேல் ஒரு கிராம் இருந்தால் அது ஒட்டி வந்த நீர். குறைவாக இருந்தால், கட்டியைப் போட்டபோது நீர் வெளியே தெறித்திருக்கிறது. குறைந்த நீர் அதிகம் சூடாகும் என்பதால் அதுவும் விடையைக் கூட்டியே காட்டும். இந்தக் கடைசி எடையை எடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் பெரும்பாலான செய்முறைக் குறிப்புகளில் உலோகத்தின் நிறையைக் கழித்துக் கண்டுபிடிக்க மட்டுமே அது பயன்படுகிறது. கட்டியைச் சூடாக்கும் முன்பே, உலர்ந்த நிலையில் தனியாக எடையிட்டு வைத்தால்தான் கடைசி எடை இந்தத் துப்பைக் கொடுக்கும். கழித்துக் கண்டுபிடிக்கும் முறையில் ஒட்டி வந்த நீரும் செம்பின் கணக்கில் சேர்ந்து மறைந்துவிடுகிறது. இது நல்ல ஏற்பாடு அல்ல என்பது என் கருத்து.

இனி முதலாமவர். இவருடைய விடை குறைவு. வெப்ப இழப்பு என்று சொல்ல இவருக்குத் திசை பொருந்துகிறது. அளவு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். எதிர்பார்த்தது 39.4, கிடைத்தது 38.6. காணாமல்போனது 0.8 டிகிரி.

பஞ்சுப்பெட்டிக்குள் இருக்கும் குவளை எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்று தெரிந்தால் இதற்குப் பதில் சொல்லலாம். அதைத் தெரிந்துகொள்ளத் தனிச் சோதனை வேண்டாம். நீர் உச்சத்தைத் தொட்டதும் வெப்பநிலைமானியை எடுத்துக் கழுவி வைக்காமல், கலக்கிக்கொண்டே அரை நிமிடத்துக்கு ஒருமுறை தொடர்ந்து குறித்துக்கொண்டு போனால் போதும். முதலாமவர் அப்படிச் செய்திருந்தார் என்று கொள்வோம். கட்டியைப் போட்ட இரண்டாவது நிமிடத்தில் உச்சம். அதற்கடுத்த ஒரு நிமிடத்தில் 0.1 டிகிரி இறங்கியது.

சூடான பொருள் எவ்வளவு வேகமாகக் குளிரும் என்பது, சுற்றுப்புறத்தைவிட அது எத்தனை டிகிரி அதிகம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வேறுபாடு சிறியதாக இருக்கும்வரை நியூட்டனின் இந்தக் குளிர்வு விதி நன்றாகவே பொருந்தும். நீர் 29-இலிருந்து உச்சம்வரை ஏறிக்கொண்டிருந்த இரண்டு நிமிடங்களில் அந்த வேறுபாடு பூச்சியத்தில் தொடங்கி முழு அளவுக்கு வளர்ந்தது. சராசரியாகப் பாதி என்று கொண்டால், அந்த இரண்டு நிமிட இழப்பு என்பது உச்சத்தில் ஒரு நிமிடம் நடக்கும் இழப்புக்குச் சமம். அதனால்தான் நம் ஆய்வகங்களில் 'அரை நேரத் திருத்தம்' என்ற வழக்கம் வந்தது: உச்சத்தை அடைய எடுத்த நேரத்தில் பாதி நேரம் மேலும் காத்திருந்து, அதற்குள் எவ்வளவு இறங்கியதோ அதை உச்சத்தோடு கூட்டிக்கொள்வது. மாணவர்கள் பலர் இதை ஒரு சூத்திரம்போல மனப்பாடமாகச் செய்கிறார்கள். காரணம் தெரிந்தால் அதன் எல்லையும் தெரியும். செம்பு நீரில் விழுந்ததும் வெப்பநிலை முதல் சில நொடிகளிலேயே விறுவிறுவென ஏறி, பிறகு மெதுவாக உச்சத்தை நோக்கி ஊர்கிறது. ஆகவே சராசரி வேறுபாடு பாதியைவிடச் சற்று அதிகம். அரை நேரத் திருத்தம் இழப்பைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடும்.

எவ்வளவு குறைத்து மதிப்பிட்டாலும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அந்த இரண்டு நிமிடமும் நீர் தொடக்கத்திலிருந்தே முழு உச்சத்தில் இருந்ததாக வைத்துக்கொண்டால்கூட இழப்பு 0.2 டிகிரிதான். காணாமல்போனதோ 0.8. குவளையிலிருந்து வெளியேறிய வெப்பம் அதில் கால் பங்கைக்கூட விளக்காது. 0.1 டிகிரி திருத்தத்தைச் சேர்த்து, இறுதி வெப்பநிலை 38.7 என்று கொண்டு மறுபடி கணக்கிட்டால் விடை 0.355. இன்னும் எட்டு சதவீதம் குறைவு.

பஞ்சும் மூடியும் மரப்பெட்டியும் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கின்றன. 'அடுத்தமுறை இன்னும் தடித்த பஞ்சு வைக்க வேண்டும்' என்று நோட்டில் எழுதி, அதன்படியே செய்திருந்தாலும் விடை ஒரு சதவீதத்துக்கு மேல் திருந்தியிருக்காது.

மீதி எங்கே? திருத்திய கணக்கின்படி நீரும் குவளையும் பெற்றது 4,279 ஜூல். 200 கிராம் செம்பு அவ்வளவு மட்டுமே கொடுக்க வேண்டுமானால், அது நீரில் விழும்போது 94.3 டிகிரியில் இருந்திருக்க வேண்டும். கொதிநீரில் 99 ஆக இருந்த கட்டி, நீரைத் தொடும் முன்பே ஏறத்தாழ ஐந்து டிகிரியை, அதாவது சுமார் 360 ஜூலை, வழியில் விட்டிருக்கிறது.

வழி என்பது ஒரு முழம் தூரம்; நேரம் சில நொடிகள். அதற்குள் அவ்வளவு போகுமா? உலர்ந்த கட்டியாக இருந்தால் போகாது. இந்த அளவுள்ள செம்புக் கட்டி காற்றில் தொங்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 4 ஜூல்தான் இழக்கும். 360 ஜூல் போக ஒன்றரை நிமிடம் ஆகும். ஆனால் கட்டி உலர்ந்தது அல்ல. ஒட்டி வந்த நீர் விடையைக் கெடுக்கும் என்று முதலாமவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் கட்டியைத் தூக்கியதும் நன்றாக உதறிவிட்டுப் போட்டார். கொதிநிலைக்கு அருகில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் காற்றில் ஆடினால் வேகமாக ஆவியாகும். ஒரு கிராம் நீர் அப்படி ஆவியாக ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். அந்த வெப்பத்தில் பெரும்பகுதியைத் தான் ஒட்டியிருக்கும் செம்பிலிருந்தே அது எடுத்துக்கொள்ளும். குளித்துவிட்டு ஈர உடம்போடு மின்விசிறிக்கு அடியில் நின்றால் சிலிர்ப்பதும் இதனால்தான். கட்டியின் மேல் இருப்பதோ 99 டிகிரி நீர், ஆகவே ஆவியாதல் பன்மடங்கு வேகம். 360 ஜூலை எடுத்துச்செல்ல எவ்வளவு நீர் ஆவியாக வேண்டும்? 0.16 கிராம். சொட்டுக் கணக்கில் சொன்னால் மூன்று சொட்டு.

ஒன்பது சதவீதப் பிழையில் எட்டு சதவீதம் அந்த மூன்று சொட்டில் போனது. இதுவும் 'சுற்றுப்புறத்துக்கு வெப்பம் இழக்கப்பட்டது'தான், வாக்கியம் பொய்யாகவில்லை. ஆனால் பஞ்சு அடைத்த குவளையைக் குறை சொல்வதற்கும், உதறிய கையைக் கவனிப்பதற்கும் உள்ள வேறுபாடு அடுத்த சோதனையில்தான் தெரியும். முதலாவது எதையும் மாற்றாது. இரண்டாவது, கட்டியை உலர்ந்த நிலையில் சூடாக்க வேண்டும் என்ற முடிவுக்குக் கொண்டுபோகும். அதற்காகவே நீராவிச் சூடேற்றி இருக்கிறது: நீராவி வெளிச்சுற்றில் ஓட, உலோகம் நடுவிலுள்ள உலர்ந்த குழாயில் தொங்கும். அதற்கும் தனிக் கவனம் வேண்டும். காற்று வழியே சூடாவதால் உலோகம் முழுச் சூட்டை எட்ட நெடுநேரம் ஆகும். 95 டிகிரியில் இருக்கும்போதே '100 டிகிரி' என்று எழுதிக்கொண்டு எடுத்துப்போட்டால் விடை மறுபடி குறையும். அதற்கு வெப்ப இழப்பு பொறுப்பல்ல. அளக்காமல் எழுதிய எண்தான் பொறுப்பு. கொதிநீர் என்றாலே 100 என்று எழுதுவதும் இந்த வகைதான். உதகமண்டலத்தின் உயரத்தில் நீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும்.

இங்கே வெப்பநிலைமானியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மேலே 0.1 டிகிரி வேறுபாட்டை வைத்து வாதம் செய்தோம். ஒரு டிகிரிக்கு ஒரு கோடு போட்ட மானியில் அரை டிகிரிக்குக் கீழே நம்பிப் படிக்க முடியாது. பத்து டிகிரி ஏற்றத்தில் அரை டிகிரி என்றாலே ஐந்து, ஆறு சதவீதம். அப்படிப்பட்ட மானியோடு செய்த சோதனையில் ஐந்து சதவீதக் குறைவை வெப்ப இழப்பின் தலையில் கட்ட வழியே இல்லை. வாசிப்பின் நிச்சயமின்மைக்குள் அது அமிழ்ந்துவிடும்.

குவளையின் இழப்பைச் சமாளிக்க இன்னொரு பழைய தந்திரம் உண்டு. பெஞ்சமின் தாம்சன் என்ற ரம்ஃபோர்டு பிரபு பயன்படுத்தியது அது. நீர் பத்து டிகிரி ஏறும் என்று தெரிந்தால், அறையைவிட ஐந்து டிகிரி குளிர்ந்த நீரில் தொடங்குவது. முதல் பாதியில் அறை நீருக்கு வெப்பம் கொடுக்கும்; இரண்டாம் பாதியில் நீர் அறைக்குக் கொடுக்கும்; வரவும் செலவும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மேலே பார்த்தபடி வெப்பநிலை தொடக்கத்தில் விறுவிறுவென ஏறிவிடுகிறது. அறையைவிடக் குளிர்ந்திருக்கும் நேரம் சில நொடிகள், சூடாக இருக்கும் நேரம் நிமிடக் கணக்கு. ஆகவே முழுவதும் தீராது, குறையும். கடற்கரை ஊர்களில் இன்னொரு சங்கடம் சேர்கிறது. ஈரம் மிகுந்த நாளில் அறை 29 டிகிரி என்றால், 23, 24 டிகிரிக்குக் குளிர்ந்த குவளையின் வெளிப்புறத்தில் பனி வியர்க்கத் தொடங்கிவிடும். படியும் ஒவ்வொரு கிராம் நீரும் 2,400 ஜூலுக்கு மேல் குவளைக்குக் கொடுக்கும். வெப்ப இழப்பைத் தவிர்க்கப் போய், வெப்ப வரவு என்ற பிழையை வாங்கிக்கொண்டதாகிவிடும். குவளையின் வெளிப்புறத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

இழப்பை ஒழிக்க முடியாது, அளந்துவிடலாம் என்பதை ஜூல் அளவுக்குப் பொறுமையாகச் செய்து காட்டியவர்கள் குறைவு. மான்செஸ்டரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல், விழும் எடைகளால் துடுப்புகளைச் சுழற்றி நீரைக் கலக்கி, அந்த உராய்வால் நீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். 1850-இல் அச்சான கட்டுரையில் அவர் விவரிக்கும் சோதனையில், எடைகளை இருபது முறை ஏற்றி இறக்கிய பிறகும் நீர் ஏறியது அரை ஃபாரன்ஹீட் டிகிரிக்குச் சற்று மேல் மட்டுமே, செல்சியஸில் 0.3. இவ்வளவு சிறிய ஏற்றத்தில் அறையின் தாக்கம் விடையை எளிதாக விழுங்கிவிடும். அவர் செய்தது இது: துடுப்பு சுழன்ற ஒவ்வொரு சோதனைக்கும் இணையாக, அதே அளவு நேரம் துடுப்பை அசைக்காமல் வைத்து, அறை மட்டும் நீரை எவ்வளவு மாற்றுகிறது என்று தனியாக அளந்தார். இப்படி நாற்பது சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அசையாத துணைச் சோதனை. பார்ப்பவரின் உடல் சூடு கருவியைத் தாக்கக்கூடாது என்று நடுவே ஒரு மரத்திரையும் வைத்தார். அந்தக் கட்டுரையில் அவர் கொடுத்த எண் 772 அடி-பவுண்டு. இன்றைய மதிப்பு 778-ஐ ஒட்டியது. ஒரு சதவீதம்கூட வேறுபாடு இல்லை.

நிலக்கரியின் எரிதிறனை அளக்கும் பாம் கலோரிமீட்டரிலும் இதே வழிதான். பற்றவைப்பதற்கு முன் சில நிமிடங்கள் நீரின் வெப்பநிலை எப்படி நகர்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். எரிந்து முடிந்து உச்சம் கடந்த பிறகும் சில நிமிடங்கள் குறிப்பார்கள். முன்னாலும் பின்னாலும் தெரிந்த சரிவுகளைக் கொண்டு, நடுவில் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்கிட்டுச் சேர்ப்பார்கள். எரிந்தால் எவ்வளவு வெப்பம் வரும் என்று துல்லியமாகத் தெரிந்த பென்சோயிக் அமிலத்தை, கிராமுக்கு 26.4 கிலோஜூல், முதலில் எரித்துக் கருவியையே சரிபார்த்துக்கொள்வார்கள்.

வெப்ப இழப்பு என்ற காரணம் முழு உரிமையோடு வந்து நிற்கும் சோதனையும் ஒன்று உண்டு: சாராய விளக்கைக் கொளுத்தி, மேலே குவளையில் நீரைச் சூடாக்கி, எத்தனாலின் எரிதல் வெப்பத்தைக் கண்டுபிடிப்பது. ஒரு மோலுக்கு 1,367 கிலோஜூல் வர வேண்டிய இடத்தில் பாதியை ஒட்டியே விடை வருவது சாதாரணம். ஆனால் இங்கே நீர் குளிர்ந்த வேகத்தை வைத்து இழப்பைக் கணக்கிடப் பார்த்தால் ஏமாந்துபோவோம். போன வெப்பத்தில் பெரும்பகுதி குவளைக்குள் நுழையவே இல்லை. சுடரிலிருந்து எழுந்த சூடான காற்று குவளையின் ஓரமாக வழுக்கி மேலே போய்விட்டது. நுழையாத வெப்பம் நீரின் குளிர்வுக் கோட்டில் தெரியாது. அதற்கு வேறு வழி வேண்டும்: மதிப்பு தெரிந்த எத்தனாலை முதலில் எரித்து, நூற்றுக்கு எத்தனை பங்கு நீருக்குள் போகிறது என்று கண்டுகொண்டு, விளக்கின் உயரம், குவளை, காற்றுத்தடுப்பு எதையும் மாற்றாமல் அடுத்த எரிபொருளுக்கு அந்தப் பங்கைப் பயன்படுத்தலாம். குவளையின் அடியில் கரி படிந்திருந்தால் வெப்ப இழப்பை மட்டும் குறை சொல்லக்கூடாது. எரிபொருள் முழுவதும் எரியவில்லை என்பதற்கு அது சாட்சி. வெளிவராத வெப்பத்தை இழப்பு என்று எழுத முடியாது.

செம்புக் கட்டிக்குத் திரும்பினால், முதலாமவர் தன் நோட்டில் எழுதியிருக்க வேண்டியது ஏறத்தாழ இப்படி இருக்கும்: "கிடைத்த விடை உண்மை மதிப்பைவிட ஒன்பது சதவீதம் குறைவு. உச்சத்துக்குப் பின் கலவை நிமிடத்துக்கு 0.1 டிகிரி குளிர்ந்தது. அதைக் கொண்டு செய்த திருத்தம் விடையை ஒரு சதவீதம் மட்டுமே உயர்த்துகிறது. மீதிக் குறைவு, கட்டி நீரில் விழும்போது 94 டிகிரி அளவில் இருந்தால் விளங்கும். ஈரக் கட்டியை உதறியபோது நடந்த ஆவியாதல் அதற்குக் காரணமாக இருக்கலாம். கட்டியை உலர் குழாயில் சூடாக்கி மறுமுறை செய்து பார்க்க வேண்டும்." அவருடைய விடை இன்னும் 0.35-தான், மாறவில்லை. ஆனால் இதைப் படிக்கும் ஆசிரியரால் ஒவ்வொரு வரியையும் சோதித்துப் பார்க்க முடியும்; தவறு இருந்தால் எந்த வரியில் என்று விரல் வைக்க முடியும்.

'இருக்கலாம்' என்ற சொல்லையும் நீக்கிவிட விரும்பும் மாணவருக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. உலர் குழாயில் சூடாக்கிய கட்டியை எடுத்து, வேண்டுமென்றே பத்து நொடி காற்றில் தொங்கவிட்டுப் பிறகு நீரில் போடலாம். அடுத்தமுறை முப்பது நொடி, அதற்கடுத்து அறுபது நொடி. நொடிக்கு 4 ஜூல் என்ற கணக்குச் சரியாக இருந்தால், குவளைத் திருத்தம் செய்த பின் விடைகள் முறையே 0.382, 0.375, 0.365 என்பதை ஒட்டி இறங்கிக்கொண்டே போகும். நொடியைக் கிடையாகவும் விடையைச் செங்குத்தாகவும் வைத்துப் புள்ளிகளைக் குறித்து, அவற்றின் வழியே கோடு இழுத்துப் பின்னோக்கி நீட்டினால், பூச்சிய நொடியில் அது 0.385-க்குப் பக்கத்தில் போய் முட்ட வேண்டும். அதே மூன்று நேரங்களையும் ஈரக் கட்டியோடு செய்தால் கோடு நேராக வராது: நீர் ஆவியாகித் தீரும்வரை செங்குத்தாக இறங்கி, உலர்ந்த பிறகு உலர் கட்டியின் கோட்டைப்போல மெல்லச் சாயும். இந்த இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தாளில் போட்டு நோட்டில் ஒட்டலாம்.